லீவு முடிகிறது, ஃபிட்னஸ் எங்கே?

திடீரென்று வயிற்றுவலி வந்து நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரிடம் யாரும் பேப்பரை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்ல முடியாது. நாள் குறித்து, லீவு எழுதிக் கொடுத்து, மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகிறவரின் நிலை வேறு. அவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். ஆனாலும் வேலைக்குத் திரும்பும் நாள் காலையில் செக்யூரிட்டி கேபின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க, அப்பத்தான் கார்டு ஆக்டிவ் ஆகும்" என்ற பதிலைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படி நாள் குறித்துப் போனவர்கள்தான். லீவு வாங்குவதற்குக் காட்டிய அக்கறையை லீவு முடிவதற்குக் காட்டாமல் விட்டதுதான் காரணம்.

ஃபிட்னஸ் என்று ஆபீஸில் கேட்பது, இந்த நபர் இந்தத் தேதி முதல் தன் வேலையைச் செய்யத் தகுதியாக இருக்கிறார் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கையெழுத்திடும் சான்று. லீவுக்காக முதலில் கொடுத்த டாக்டர் சர்டிபிகேட் இதற்கு நேர் எதிரானது. இவருக்கு இத்தனை நாள் ஓய்வு தேவை என்று அது சொல்கிறது. ஓய்வு முடிந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. 21 நாள் ஓய்வு என்று எழுதியிருந்தால் 22ஆம் நாள் உடம்பு சரியாகிவிட்டதாகத்தானே அர்த்தம் என்று கேட்கலாம். ஆபரேஷனுக்கு முன்பு போட்ட கணக்கு அது. பின்னால் காயம் எப்படி ஆறியது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் சம்மரியும் ஃபிட்னஸ் ஆகாது. ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இன்னொரு குழப்பமும் நடக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, மயக்க மருந்து கொடுக்கலாம் என்று ஒரு பொதுநல மருத்துவரோ இதய மருத்துவரோ எழுதித் தருவார்கள். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் அதற்கும் ஃபிட்னஸ் என்றுதான் பெயர். ஃபைலில் அந்தத் தாளைப் பார்த்து, இதுதான் ஆபீஸில் கேட்டது என்று நினைத்து அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு என்பதற்கான சான்றை வைத்துக்கொண்டு எச்.ஆர். பிரிவு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தச் சான்றைக் கேட்பது ஊழியர் மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல. தையல் முழுதாக ஆறாத ஒருவர் வேலை நேரத்தில் பாரம் தூக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஃபைலில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது. நியாயமான விருப்பம்தான்.

அரசு ஊழியர்களுக்கு இது விதியாகவே இருக்கிறது. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 24ஆம் விதி, மருத்துவச் சான்றின் பேரில் லீவில் போனவர் தகுதிச் சான்று கொடுக்கும் வரை பணிக்குத் திரும்பக் கூடாது என்கிறது. அதற்கென்று படிவம் 5 இருக்கிறது. அந்தப் படிவத்தின் வாசகம் தனியார் கம்பெனியில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஊழியரை நேரில் கவனமாகப் பரிசோதித்தேன் என்பதோடு, லீவு கொடுக்கப்பட்டதற்கு ஆதாரமான முதல் மருத்துவச் சான்றையும் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன் என்றும் மருத்துவர் அதில் உறுதி சொல்ல வேண்டும். அதனால் ஃபிட்னஸ் வாங்கப் போகும்போது பழைய லீவு சான்றின் நகலைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. இரண்டு தாள்களிலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்த அதுதான் வழி. அதே 24ஆம் விதியில் இன்னொரு செய்தியும் உண்டு. உடம்பு சீக்கிரம் தேறிவிட்டது என்று, அனுமதித்த லீவு முடிவதற்கு முன்பே தானாக வந்து நிற்கவும் முடியாது; லீவு கொடுத்த அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் இதைத் தீர்மானிப்பது கம்பெனியின் லீவு பாலிசியும் நிலையாணைகளும்தான். எந்த மருத்துவர் கையெழுத்திட வேண்டும், கம்பெனியின் சொந்தப் படிவம் இருக்கிறதா, பெரிய தொழிற்சாலையாக இருந்தால் அங்குள்ள மருத்துவரும் ஒருமுறை பார்க்க வேண்டுமா என்ற விவரமெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் மட்டும் தனி வழியில் போக வேண்டும். நோய்க்காலப் பணப்பயனாகச் சம்பளத்தில் 70 சதவீதம் அங்கிருந்து வருவதால், வேலைக்குத் திரும்பும் தேதியையும் இ.எஸ்.ஐ. மருத்துவர் இறுதிச் சான்றில் எழுத வேண்டும். வெளியே ஒரு டாக்டரிடம் வாங்கிய தாளைக் கம்பெனி ஏற்றுக்கொண்டாலும் இ.எஸ்.ஐ. கணக்கு முடியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும்.

இனி ஒரு கற்பனை ஊழியரை வைத்துத் தேதி வாரியாகப் பார்க்கலாம். கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை. பாதி நாள் கம்ப்யூட்டரில் பில் பதிவு, மீதி நாள் லாரியில் வரும் சரக்கை இறக்கி அடுக்குவது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் அவர் இல்லை. அடிவயிற்றில் ஹெர்னியா. ஜூன் 8, திங்கட்கிழமை ஆபரேஷன். அன்று முதல் ஜூன் 28, ஞாயிறு வரை மூன்று வாரம் லீவு. ஜூன் 29 திங்கள் காலை ஷிப்டுக்கு வர வேண்டும்.

ஹெர்னியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பிவிடலாம். பாரம் தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அதாவது ஒரே ஆள், ஒரே தேதியில், தன் வேலையில் பாதிக்குத் தகுதியானவராகவும் மீதிப் பாதிக்குத் தகுதியில்லாதவராகவும் இருப்பார். வெறுமனே 'ஃபிட்' என்று எழுதினால் நிர்வாகம் அதை முழு வேலைக்கும் எடுத்துக்கொள்ளும்.

அவர் செய்ய வேண்டிய முதல் காரியம், சர்ஜனின் ஓ.பி. நாட்களைப் பார்ப்பது. அவருடைய சர்ஜன் செவ்வாயும் வெள்ளியும்தான் உட்காருகிறார் என்றால், 29ஆம் தேதிக்கு முந்தைய கடைசி வாய்ப்பு ஜூன் 26, வெள்ளி. அதைத் தவறவிட்டால் அடுத்தது 30ஆம் தேதி. அப்போது 29 சம்பளமில்லாத நாளாகிவிடும். ரெவ்யூவுக்கு டிஸ்சார்ஜ் அன்றே நாள் வாங்கி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வீட்டருகே உள்ள குடும்ப மருத்துவரிடம் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பதிவு பெற்ற மருத்துவர் என்ற முறையில் அவர் எழுதலாம். ஆனால் உள்ளே எப்படி வலை வைத்துத் தைத்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்தவருக்குத்தான் தெரியும். பல கம்பெனிகளும் சிகிச்சை அளித்த மருத்துவரின் சான்றைத்தான் கேட்கின்றன.

நேரில் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு தொழில் நெறி விதிகளின்படி, சான்று வாங்குகிறவரின் கையொப்பம் அல்லது கைரேகை, முகவரி, குறைந்தது ஓர் அங்க அடையாளம் ஆகியவை சான்றில் பதிவாக வேண்டும். கொடுத்த சான்றுகளுக்கு மருத்துவர் ஒரு பதிவேடும் வைத்திருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சிலில் அவருக்குள்ள பதிவு எண்ணும் சான்றில் இருக்க வேண்டும். தம்பியை அனுப்பி வாங்கிவரச் சொல்வதும், மெடிக்கல் ஷாப் பக்கத்தில் காசு கொடுத்து வாங்குவதும் இந்த விதிகளுக்கு முன்னால் நிற்காது. பின்தேதியிட்டுத் தரச் சொல்வதும் அப்படித்தான்.

கன்சல்டிங் அறையில் சர்ஜனுக்கு நேரம் குறைவு. அவசரமாக இரண்டு வரி எழுதிச் சீல் வைத்து நீட்டிவிடுவார். ஸ்டோர்ஸ் வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். அதனால் நம் ஆள்தான் சொல்ல வேண்டும்: "சார், பாதி நேரம் உட்கார்ந்த வேலை. மீதி நேரம் மோட்டார் பெட்டி இறக்கணும், ஒண்ணு 20 கிலோவுக்கு மேல இருக்கும்." இதைக் கேட்ட பிறகு அவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். ஜூன் 29 முதல் பணிக்குத் திரும்பத் தகுதியானவர், ஜூலை 19 வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணினால் ஆறு வாரம் ஜூலை 19ஆம் தேதியோடு முடிகிறது.

இந்த இடத்தில் 'லைட் டூட்டி' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்துகிற வழக்கம் டாக்டர்களிடம் இருக்கிறது. சூப்பர்வைசருக்கு 10 கிலோ லைட்டாகத் தெரியலாம். கிலோ, மணி நேரம், ஏணி ஏறுவது, நைட் ஷிப்ட், டூவீலர் என்று கையால் தொட்டுச் சொல்லக்கூடிய அளவில் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அதேபோல் 'முதல்' என்ற சொல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றில் 27 முதல் தகுதி என்று இருந்து, நம் ஆள் 29 அன்று வந்தால், வேலை நாளான 27 சனிக்கிழமைக்கு மருத்துவ லீவு பொருந்தாது. அன்று ஒரு சி.எல். போகும். மாறாக 29 வரை ஓய்வு என்று எழுதிவிட்டால், 29 அன்று வந்து நிற்கிறவரை உள்ளே விடுவதற்கு எச்.ஆர். தயங்கும். இரண்டையும் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் படித்துப் பார்த்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். வெளியே வந்தபின் திருத்த இன்னொரு டோக்கன் போட வேண்டும்.

இப்போது மெயில். பொதுவாக வருவது இப்படி இருக்கிறது: "சார், இப்போது உடம்பு பரவாயில்லை. திங்கள் முதல் வேலைக்கு வரலாம் என்று இருக்கிறேன். ஃபிட்னஸ் பிறகு தருகிறேன்." மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எந்தத் திங்கள் என்று இல்லை; வருகிறாரா, வரலாம் என்று யோசிக்கிறாரா என்று தெரியவில்லை; சான்று இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை. இதைப் படிக்கிற மேனேஜர் ஷிப்ட் போட முடியாது. உடம்பு பரவாயில்லை என்று சொல்கிற வேலையை டாக்டரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சான்று கைக்கு வருவது 26 வெள்ளி மாலை. வேலைக்கு வர வேண்டியது 29. இடையில் ஒரு சனிக்கிழமைதான் வேலை நாள். பாரம் தூக்க முடியாது என்ற செய்தியை அப்போது சொன்னால் மாற்று ஏற்பாட்டுக்கு மேனேஜருக்கு நேரமிருக்காது. அதனால் நம் ஆள் இரண்டு மெயில் எழுதுவது நல்லது. முதலாவது 24 புதன்கிழமை, சான்று இல்லாமலே. மேனேஜருக்கு அனுப்பி, எச்.ஆருக்கு நகல் போட வேண்டும்.

பொருள்: ஜூன் 29 பணிக்குத் திரும்புவது குறித்து

வணக்கம் சார்,
ஜூன் 8 முதல் 28 வரை அனுமதிக்கப்பட்ட மருத்துவ லீவு முடிந்து, ஜூன் 29 திங்கட்கிழமை காலை ஷிப்டில் பணிக்குத் திரும்பத் திட்டமிட்டுள்ளேன். ஜூன் 26 வெள்ளிக்கிழமை மருத்துவரின் ரெவ்யூ இருக்கிறது. அவர் அனுமதித்தால் அன்று மாலையே தகுதிச் சான்றை அனுப்புகிறேன்.
டிஸ்சார்ஜின்போது, ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். அதுவரை பில் பதிவு, ஸ்டாக் சரிபார்ப்பு ஆகியவற்றைச் செய்ய இயலும். இதற்கு ஏற்பாடு உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நமது தொழிற்சாலை மருத்துவரையும் பார்க்க வேண்டுமென்றால் நேரம் சொல்லுங்கள்.

இதில் வருகிறேன் என்று அடித்துச் சொல்லாமல், திட்டமிட்டுள்ளேன் என்று எழுதியிருப்பது தயக்கத்தால் அல்ல. முடிவு ரெவ்யூவில்தான் இருக்கிறது. ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். சர்ஜன் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லலாம். அப்படி நேர்ந்தால் இந்த மெயிலில் திருப்பி வாங்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. 26 மாலை, லீவு நீட்டிப்புக் கேட்டுப் புதிய ஓய்வுச் சான்றோடு அடுத்த மெயில் போகும். 28ஆம் தேதிக்கு முன்பே அது போய்விடுவதால் அனுமதியில்லாத விடுப்பு என்ற பேச்சு எழாது.

எல்லாம் சரியாக இருந்தால், இரண்டாவது மெயில் அதே மெயிலுக்குப் பதிலாகப் போக வேண்டும். அப்போதுதான் முழு விவரமும் ஒரே இடத்தில் இருக்கும்.

வணக்கம் சார்,
ஜூன் 29 திங்கட்கிழமை காலை ஷிப்டில் பணிக்குத் திரும்புகிறேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் ஜூன் 26 அன்று பரிசோதித்துக் கொடுத்த தகுதிச் சான்றை இணைத்துள்ளேன். ஜூலை 19 வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அதில் உள்ளது. அசலை 29 காலை எச்.ஆர். பிரிவில் ஒப்படைக்கிறேன்.
நன்றி.

நாலு வரிதான். என்ன ஆபரேஷன், உடம்பில் எந்த இடம், எத்தனை தையல், என்ன மாத்திரை என்று எதுவும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. நகலில் இருக்கும் பெயர்கள், அதை இன்னொருவருக்கு அனுப்புகிறவர்கள் என்று ஆபீஸ் மெயில் பலர் கண்ணில் படும். வேலைக்குச் சம்பந்தமுள்ள கட்டுப்பாட்டைச் சொன்னால் போதும், நோயைச் சொல்ல வேண்டாம். கர்ப்பப்பை, மூலம், மார்பகம் போன்ற ஆபரேஷன்களுக்குப் போன பெண்களும் ஆண்களும் இதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டால் மேனேஜருக்கு நகல் போடாமல் எச்.ஆருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்.

இணைப்பு விஷயம் சின்னதுதான், ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ எடுத்து அனுப்பிய `IMG-20260626-WA0014.jpg` என்ற படத்தில் சீல் நிழலில் மங்கிப்போய், பதிவு எண் படிக்க முடியாமல் இருக்கும். போனிலேயே ஸ்கேன் செய்து, `Fitness_Certificate_29June.pdf` என்பது போலப் பெயர் வைத்தால் எச்.ஆர். ஆள் ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். சான்றுக்குப் பின்பக்கம் இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். கட்டுப்பாடு பின்பக்கத்தில் எழுதியிருக்க, முன்பக்கம் மட்டும் போனால் கம்பெனிக்குத் தெரிந்தது முழு ஃபிட் என்பதுதான்.

மாற்று வேலை எங்களிடம் இல்லை, முழுதாகச் சரியான பிறகு வாருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிடவும் கூடும். அந்தப் பதிலைப் போனில் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. "தாங்கள் தொலைபேசியில் கூறியபடி, ஜூலை 19 வரை மருத்துவ லீவை நீட்டிக்க வேண்டுகிறேன்" என்று மெயில் போட்டு, அது அனுமதிக்கப்பட்டதா என்று எழுத்தில் வாங்க வேண்டும். சிலர் இதற்குப் பயந்து, கட்டுப்பாடு எதுவும் எழுத வேண்டாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சான்றோடு உள்ளே போனவர் முதல் வாரத்திலேயே பெட்டி தூக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. தூக்கி, ஹெர்னியா திரும்ப வந்தால், முழுத் தகுதி என்ற தாள் அவருக்கு எதிராகவே பேசும்.

கடைசியாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு முடியும் தேதி சான்றிலேயே இருக்கட்டும். ஜூலை 19 வரை என்று இருந்தால் 20ஆம் தேதி முதல் பெட்டி தூக்க இன்னொரு தாள் தேவைப்படாது. 'அடுத்த ரெவ்யூ வரை' என்று எழுதினால் இன்னொரு ஓ.பி., இன்னொரு சான்று, அதற்கு இன்னும் அரைநாள் லீவு.